ஒரு கனமீட்டர் செங்கல் கட்டின் பொருள் செலவு

கேள்வி: 1 கனமீட்டர் செங்கல் கட்டுக்குப் பொருள் அளவையும் விலையையும் சேர்த்து எப்படிக் கணக்குப் போடுவது?

19×9×9 செ.மீ. கல், ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்ற 1:6 கலவை என்று வைத்துக்கொள்வோம். 1 செ.மீ. சாந்தோடு ஒரு கல் 20×10×10 இடம் பிடிக்கும். ஆக 500 கல். கற்களின் கன அளவு 0.77 போக, ஈரச் சாந்து 0.23 கனமீட்டர். கல்லில் குழி இருந்தால் இன்னும் கூடும்.

பலர் தவறுவது இங்கேதான். 0.23-ஐ அப்படியே ஏழாகப் பிரித்தால் சிமெண்ட் பற்றாது, ஏனென்றால் தண்ணீர் சேர்ந்ததும் உலர்கலவை சுருங்கிவிடும். 1.33-ஆல் பெருக்கினால் 0.306. அதில் ஏழில் ஒரு பங்கு சிமெண்ட், அதாவது 0.0437 கனமீட்டர். ஒரு கனமீட்டர் சிமெண்ட் 1440 கிலோ என்பதால் 0.0437 × 1440 = 63 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 1.26. மணல் 0.262 கனமீட்டர்.

கல்லுக்கு ஆயிரத்துக்கு விலை சொல்வார்கள் என்பதை மறக்காதீர்கள். உடைசல் 5% சேர்த்தால் 525 கல்:

0.525 × ஆயிரம் கல் விலை + 1.26 × மூட்டை விலை + 0.262 × மணலின் கனமீட்டர் விலை

கொத்தனார், சித்தாள் கூலி இதற்கு மேல் தனி.