திருகோணமலையில் தேடிய மரணப் பதிவு

கேள்வி: ஆவணக் காப்பாளரான என் நண்பர், விபுலானந்த அடிகளின் மரணப் பதிவைத் திருகோணமலையில் காலை முதல் மாலை வரை தேடியதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். '1947ஆம் ஆண்டுப் புத்தகங்களில் இல்லை' என்று முடிகிறது. யுத்தத்தில் அழிந்துவிட்டது என்று கட்டுரையில் எழுதலாமா?
- வாசகர், உப்புவெளி

பதில்: எழுதக் கூடாது. இல்லாத இடத்தில் தேடிவிட்டு யுத்தத்தின் மேல் பழி போடுவது வரலாறு ஆகாது.

இலங்கையில் ஒரு மரணம், அது நிகழ்ந்த இடத்துக்குரிய பதிவாளர் பிரிவில்தான் பதியப்படும். பிறந்த ஊரோ வாழ்ந்த ஊரோ அதைத் தீர்மானிப்பதில்லை. அடிகள் பிறந்தது காரைதீவு. திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தியதால் இந்த ஊர் அவரைத் தன்னவராகக் கொண்டாடுகிறது; அதில் தவறில்லை. ஆனால் அவர் 1947 யூலை 19இல் காலமானது கொழும்பில். உடலைக் கல்லடிக்குக் கொண்டுவந்து சமாதி வைத்தார்கள். சமாதி இருப்பதால் மட்டக்களப்பில் பதிந்திருப்பார்கள் என்று அடுத்ததாக அங்கே போய்விட வேண்டாம். அடக்கம் செய்த இடத்தில் மரணப் பதிவு உண்டாவதில்லை.

கொழும்பிலும் பல பிரிவுகள் உண்டு. உயிர் பிரிந்த கட்டடம் எது என்பதை முதலில் அக்காலப் பத்திரிகைச் செய்தியிலிருந்து உறுதி செய்துகொண்டு, அது எந்தப் பிரிவுக்குள் வருகிறது என்று பார்க்க வேண்டும். புத்தகம் பதிந்த நாளின் வரிசையில் போகும், இறந்த நாளின் வரிசையில் அல்ல. ஆகவே யூலை 19இல் தொடங்கி ஆகஸ்ட் முடியும் வரையாவது புரட்டுங்கள்.

துறவிகளின் பதிவில் பெயர்தான் பெரிய சிக்கல். தகவல் கொடுத்தவர் சொன்ன பெயரே புத்தகத்தில் ஏறும். பதிவு ஆங்கிலத்தில் இருந்தால் 'சுவாமி' என்ற சொல்லே முதலெழுத்தாக நிற்கலாம்; பூர்வாசிரமப் பெயரான மயில்வாகனம் என்றும் இருக்கலாம். பெயர் அட்டவணையை மட்டும் பார்த்து மூடிவிடாமல் பக்கங்களையே படிக்கச் சொல்லுங்கள். பெயர் மயக்கம் தந்தால் தந்தை சாமித்தம்பியின் பெயரும், அடக்கம் செய்த இடம் என்ற கூட்டில் கல்லடியும் ஆளை உறுதிப்படுத்தும்.

நண்பரின் குறிப்பில் என்னை உறுத்துவது வேறொன்று. எந்தப் பிரிவின் புத்தகம், எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கம் வரை பார்த்தார், என்னென்ன பெயர்களில் தேடினார் என்று ஒரு வரிகூட இல்லை. பதிவு இலக்கங்கள் தொடர்ச்சியாக ஓடினால் அந்தப் புத்தகத்தில் அவர் பதியப்படவில்லை என்று பொருள். நடுவே இலக்கம் தாவினால்தான் தாள் போயிற்று என்று சந்தேகிக்கலாம். அப்போதும் கதை முடியாது; மரணப் பதிவு இரட்டைப் பிரதியாக எழுதப்படுவது. ஒரு பிரதி கெட்டால் மற்றதை, பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய பதிவறையில் கேட்க வேண்டும். இரண்டிலும் அதே இலக்கம் இல்லையென்றால் மட்டும் 'தொலைந்தது' என்ற சொல்லை உங்கள் கட்டுரையில் சேருங்கள்.