1.1-ஆ, 1.3-ஆ: குழுவில் மூண்ட வாக்குவாதமும் பத்துத் தோலும்

கேள்வி: எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் சக ஊழியர் இருவர் எழுத்திலேயே மோதிக்கொள்கிறார்கள். நான் இருவருக்கும் மேலதிகாரி அல்ல, ஆனால் வேலை என்னிடம்தான் வந்து நிற்கிறது. யார் பக்கமும் சாயாமல் என்ன எழுதினால் இது அடங்கும்?

பதில்:

இதே நிலையில் நானும் இருந்திருக்கிறேன். முதல் முயற்சியில் நெருப்பில் எண்ணெய் ஊற்றினேன். இரண்டாவதில்தான் சரியாக எழுத வந்தது. பொதுவாக அறிவுரை சொல்வதைவிட, அந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் நிறுவனத்துக்கு ராணிப்பேட்டையில் தோல் பதப்படுத்தும் பிரிவும், ஆம்பூரில் ஷூவின் மேற்பகுதியை வெட்டித் தைக்கும் பிரிவும் இருக்கின்றன. நான் வேலூரில் அமர்ந்து, எந்த லாட் என்றைக்கு எங்கே போகவேண்டும் என்று திட்டமிடுபவன். ஆம்பூர் தோல் கிடங்கைப் பார்ப்பவர் வயதில் மூத்தவர். எல்லோரும் அவரைப் ‘பாய்’ என்றே அழைப்போம். ராணிப்பேட்டையில் தோல் அனுப்பும் பொறுப்பில் இருப்பவர் இளைஞர். பாய் அவரைத் ‘தம்பி’ என்பார். ஒரு நாள் மாலை, இருபத்திரண்டு பேர் இருக்கும் குழுவில் பாய் இப்படி எழுதினார்: “லாட் 14 தோல் 1.1 தான் வருது. பார்த்துதான் அனுப்புறீங்களா?” ஆர்டரில் கேட்டிருந்தது 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் தடிமன்; அதை அளக்கும் கருவிதான் கேஜ். உடனே ராணிப்பேட்டையிலிருந்து பதில் வந்தது: “எங்க கேஜ்ல 1.3. அங்க கேஜ் சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க.” அதற்குப் பாய்: “இருபது வருஷமா கேஜ் பிடிக்கிறேன் சார். நீங்க சொல்லிக் கொடுங்க.” அதற்கு அவர்: “ஒவ்வொரு லாட்டுக்கும் இதே கதை.” இதை எழுதியவர் கையோடு மேலாளர் பெயரையும் குறித்துவிட்டார்.

இதில் என்னைக் கலங்கவைத்தது 1.1-ம் அல்ல, 1.3-ம் அல்ல, ‘தம்பி’ என்பது ‘சார்’ ஆனதும், ‘பாய்’ என்ற சொல் மறைந்துபோனதும்தான். நம்மிடம் கோபம் ஏறும்போது மரியாதை குறைவதைவிடக் கூடுவதுதான் ஆபத்தான அறிகுறி. நேற்றுவரை உறவுச் சொல்லால் அழைத்தவரை இன்று ‘சார்’ என்று அழைத்தால், பேச்சு தோலை விட்டு ஆளுக்கு மாறிவிட்டது என்று பொருள்.

அப்போது நான் எழுதியது இது: “இருவரும் சற்று அமைதியாக இருக்கவும். தடிமன் குறைபாடு குறித்து ராணிப்பேட்டை விளக்கம் அளிக்கவும். ஆம்பூர் தன் கேஜைச் சரிபார்க்கவும். இனி வரும் லாட்டுகளுக்கு இரு பிரிவும் கலந்து பேசி ஒரு நடைமுறை வகுக்கவும்.” இதை அனுப்பியபோது எவ்வளவு நடுநிலையாக எழுதிவிட்டோம் என்று உள்ளூர ஒரு திருப்தி வேறு. அடுத்த நாற்பது நிமிடங்களுக்குச் சண்டை முன்பைவிட மும்முரமாக நடந்தது.

பின்னர் ஆற அமரப் படித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ‘குறைபாடு’ என்று எழுதியபோதே தோல் மெல்லியதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ‘கேஜைச் சரிபார்க்கவும்’ என்றதில் அதற்கு நேர் எதிரான தீர்ப்பும் இருந்தது. ஆக இருவரையும் ஒரே செய்தியில் குற்றவாளியாக்கியிருந்தேன்; அதைச் சமன் செய்தது என்று நானே நினைத்துக்கொண்டேன். ‘விளக்கம் அளிக்கவும்’ என்பது மெமோவின் மொழி. வேலை செய்த எவருக்கும் அதைப் படித்தவுடன் வயிற்றில் ஏதோ புரளும். இவற்றையெல்லாம்விடப் பெரிய பிழை, மூன்று வேலைகளை அடுக்கியது. மூன்று இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவருக்கான வேலையை மட்டும் பொறுக்கி எடுத்து, “முதலில் அவர்கள் அதைச் செய்யட்டும்” என்பார்கள். நடந்ததும் அதுவேதான்.

பிறகு குழுவை விட்டு வெளியே வந்து இருவரையும் தனித்தனியாகத் தொலைபேசியில் அழைத்தேன். சமாதானம் பேசவில்லை, ஏன் அப்படி எழுதினீர்கள் என்றும் கேட்கவில்லை. “தோலில் எந்த இடத்தில் அளந்தீர்கள்?” என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். ‘ஏன்’ என்று கேட்டால் நியாயம் வரும். ‘எங்கே’ என்று கேட்டால் தகவல் வரும். பாய் ஓரத்தில், வயிற்றுப் பக்கம் அளந்திருந்தார், ஏனென்றால் வெட்டும்போது பிரச்சினை அங்கேதான் வரும். இளைஞர் வழக்கம்போல் முதுகுப் பக்கம் அளந்திருந்தார். வயிற்றுப் பக்கத் தோல் தளர்வானது, கேஜின் அழுத்தத்துக்குக் கூடுதலாக அமுங்கும் என்பது தோல் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரியும். சோதனைக்கான மாதிரியைத் தோலின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கவேண்டும் என்பதற்கே ஐ.எஸ்.ஓ. 2418 என்று தனியாக ஒரு தரநிலை இருக்கிறது.

விடை ஏறக்குறைய என் கையில் வந்துவிட்டது. அதை உடனே குழுவில் போட்டு உடைக்கவேண்டும் என்று விரல் பரபரத்தது உண்மை. போட்டிருந்தால் இருபத்திரண்டு பேர் முன்னால், “அளக்கத் தெரியாமல் அளந்தீர்கள்” என்று யாராவது ஒருவருக்கு நான் சொன்னதாகத்தான் ஆகியிருக்கும். ஆகவே விடையைச் சொல்லாமல், விடை தானாக வெளிப்படும் ஒரு வேலையை மட்டும் எழுதினேன். அதற்கு முன், வெட்டுப் பிரிவில் பேசி லாட் 14-ஐ மறுநாள் மதியம்வரை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொண்டேன். மேலாளருக்கும் தனியாக, “நாளை காலை எண்கள் வந்துவிடும், அதுவரை பொறுங்கள்” என்று ஒரு வரி அனுப்பினேன். அவர் இடையில் ஒரு சொல் சொல்லியிருந்தாலும் ஒருவர் வென்றதாகவும் ஒருவர் தோற்றதாகவும் ஆகியிருக்கும்.

இரண்டாவது செய்தி இது:

“லாட் 14: ஆம்பூரில் எடுத்த அளவு 1.1 மி.மீ.; ராணிப்பேட்டையில் எடுத்த அளவு 1.3 மி.மீ. ஆர்டரில் உள்ளது 1.2 முதல் 1.4. நாளை காலை 10 மணிக்கு ஆம்பூர் கிடங்கில் இந்த லாட்டின் பத்துத் தோல்களை, இரண்டு ஊர் கேஜாலும், முதுகு ஓரத்திலும் வயிற்று ஓரத்திலும் நான் அளந்து எண்களை இங்கே பதிகிறேன். ராணிப்பேட்டை கேஜ் காலை வேனில் வரும். அதுவரை லாட் 14 வெட்டுக்குப் போகாது.”

இந்தச் செய்தியில் ‘நீங்கள்’ இல்லை. ஆளுக்குப் பதில் ஊர்தான் இருக்கிறது. தமிழில் இது எளிது, ‘எடுத்த அளவு’ என்று எழுதினால் எடுத்தவரைச் சொல்லவேண்டிய தேவையே இல்லை. ‘ஆம்பூர் 1.1 என்கிறது’ என்று எழுதவில்லை. ‘என்கிறது’ என்ற சொல், நான் நம்பவில்லை என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடும். இரண்டு எண்களுக்கும் நடுவே ‘ஆனால்’ போடவில்லை. போட்டால் பின்னால் வருவது முன்னால் இருப்பதை அடித்துவிடும். அனுப்பும் முன் நான் தேடித் தேடி நீக்கியவை ‘தான்’, ‘கூட’, ‘தானே’, ‘முதலில்’, ‘எப்போதும்’ ஆகியவை. “1.1 வருது” என்றால் தகவல், “1.1 தான் வருது” என்றால் குற்றச்சாட்டு. பாயின் முதல் செய்தியில் இரண்டு ‘தான்’ இருந்தன. சண்டைக்கு அவையே போதுமாக இருந்தன.

ஆனால் நடுநிலை என்ற பெயரில், “மேற்படி பொருள் தொடர்பாகத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது” என்று எழுதிவிடாதீர்கள். அது ஆட்சியர் அலுவலகச் சுற்றறிக்கை போலாகி, உள்ளே ஏதோ ஒரு நடவடிக்கை காத்திருப்பதாக இருவரையும் அஞ்சவைக்கும். எண்களை மழுப்புவதும் நடுநிலை அல்ல. ‘சிறு வேறுபாடு’ என்று எழுதியிருந்தால் பாய், அது சிறிதா பெரிதா என்று தொடங்கியிருப்பார்.

வேலையைப் பொறுத்தவரை, அதைத் தொடங்குவதற்கு இருவரில் எவரும் எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையிருக்கவில்லை என்பதுதான் அது நடந்ததற்குக் காரணம். செய்வது நானாக இருந்தேன், நேரமும் இடமும் இருந்தன, முடிந்ததா இல்லையா என்பது 10 மணிக்கு மேல் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ‘வெட்டுக்குப் போகாது’ என்ற கடைசி வரி இன்னொரு வேலை அல்ல. ஏற்கெனவே செய்து முடித்ததைச் சொன்னது. உண்மையில் பாயின் கோபத்துக்கு அடியில் இருந்தது அந்தப் பயம்தான்: மெல்லிய தோலை வெட்டிவிட்டால் பின்னால் பழி கிடங்கின்மேல் விழும். அதை முதல் செய்தியிலேயே கவனித்திருந்தால் நாற்பது நிமிடங்கள் மிச்சமாகியிருக்கும்.

இது எல்லாச் சண்டைக்கும் பொருந்தாது. சாதி, மதம், பெண்மை ஆகியவற்றைத் தொட்டு யாராவது எழுதிவிட்டால், அதை நடுநிலைச் சொற்களால் மூடுவது அநியாயத்துக்குத் துணைபோவதாகும். அதைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போகவேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்றால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாகவேண்டும். அதேபோல், ‘ஒவ்வொரு லாட்டுக்கும்’ என்ற சொல்லில் ஒரு பழைய மனக்குறை இருந்தது. பத்துத் தோலை அளந்து அதைத் தீர்க்க முடியாது. அதை அன்று தொடாமல், சனிக்கிழமை இருவரையும் நேரில் உட்காரவைத்துப் பேசினோம். அளக்கும் இடத்தை இனி ஆர்டர் தாளிலேயே எழுதுவது என்று முடிவானது அப்போதுதான்.

மறுநாள் காலை அளந்தபோது முதுகு ஓரத்தில் இரண்டு கேஜும் 1.3-ஐ ஒட்டியும், வயிற்று ஓரத்தில் இரண்டும் 1.1-ஐ ஒட்டியும் காட்டின. கேஜ்களுக்குள் வித்தியாசம் 0.05-க்குள்தான். எண்களை மட்டும் பதிந்தேன். ‘எனவே’ என்று ஒரு வரி சேர்க்கவில்லை. பத்து நிமிடம் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு ராணிப்பேட்டையிலிருந்து வந்தது: “பாய், கட்டிங் எந்த இடத்துல எடுக்குறீங்கன்னு ஒரு படம் அனுப்புங்க.” ஆம்பூரிலிருந்து பதில்: “சாப்டுட்டு அனுப்புறேன் தம்பி.”