கேஸுக்குள் தேயும் இயர்பட் பேட்டரி

கேள்வி: இயர்பட் வாங்கி 14 மாதம் ஆகிறது. புதிதில், பேசினால் மூன்றரை மணி நேரம் நின்றது. இப்போது வலது பக்கம் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. இடது பக்கம் இரண்டரை மணி நேரம் வருகிறது. தினமும் நாலு மணி நேரமாவது ஆபீஸ் கால் இருக்கும். பெரும்பாலும் வலது காதில் மட்டும் போட்டுப் பேசுவேன். கேஸ் எப்போதும் மேசையில் ஒயர்லெஸ் சார்ஜர் மேலேயே இருக்கும். கடைக்காரர் செல் மாற்றித் தருகிறேன் என்கிறார். மாற்றலாமா, இல்லை இருப்பதைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: செல் மாற்றுவதைத் தள்ளிப்போடுங்கள். முதலில் ஒரு பஞ்சுக் குச்சி எடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் போனில் இருக்கும் பேட்டரி ஏறத்தாழ 5000 மில்லி ஆம்பியர் அவர். இயர்பட் ஒன்றில் இருப்பது 50 அளவில்தான், அதாவது நூறில் ஒரு பங்கு. இரண்டிலும் இருப்பது லித்தியம் அயான் வகைதான், வேதியியலும் ஒன்றுதான். ஆனால் போன் ஒரு நாள் முழுக்க ஓடி ஒரு தடவை சார்ஜ் ஆகும். இயர்பட்டோ அரை நாளுக்குள் காலியாகி, நிரம்பி, மறுபடி காலியாகும். இப்படிப்பட்ட செல்கள் பொதுவாக 300 முதல் 500 முழு சுழற்சி வரை தாங்கும். அதன் பிறகு புதிதில் பிடித்த சார்ஜில் 80 சதவீதம்தான் பிடிக்கும். ஒரு சுழற்சி என்பது முழுசாகக் காலியாகி நிரம்புவது. நாலு தடவை 25 சதவீதம் ஏற்றினாலும் அதே ஒரு சுழற்சிதான்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வலது பக்கத்துக்குத் தினம் 4 மணி நேரப் பேச்சு, ஒரு சார்ஜுக்கு மூன்றரை மணி நேரம். அப்படியென்றால் நாளுக்கு ஒரு சுழற்சிக்குச் சற்று மேலே. மாதம் 25 வேலை நாள் என்றால் 14 மாதத்தில் 350 நாள், ஏறக்குறைய 400 சுழற்சி. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. பேட்டரி தேயத் தேய ஒரு சார்ஜ் குறைவான நேரமே வரும், அதனால் அதே 4 மணி நேரத்துக்கு இன்னும் அதிகமாக ஏற்ற வேண்டியிருக்கும். இன்றைய நிலையில் உங்கள் வலது பக்கம் நாளுக்கு இரண்டு சுழற்சிக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. தேய்மானமே தேய்மானத்தை வேகப்படுத்துகிறது. அதனால்தான் ஒரு வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, "திடீரென்று போய்விட்டது" என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

சரி, இடது பக்கம் அவ்வளவு உழைக்கவில்லையே, அது ஏன் மூன்றரையிலிருந்து இரண்டரைக்கு வந்தது? அதற்குக் காரணம் உங்கள் மேசையில் இருக்கிறது.

இந்த வகை செல்லுக்கு இரண்டு விஷயம் ஆகாது. ஒன்று, முழுசாக நிரம்பிய நிலையிலேயே கிடப்பது. இன்னொன்று, சூடு. இரண்டும் சேர்ந்தால் உபயோகிக்காமல் சும்மா வைத்திருந்தாலும் உள்ளே இருக்கும் லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்க வினைகளில் சிக்கி, மறுபடி வேலைக்கு வராமலே போகும். இயர்பட்டைக் கேஸில் வைப்பது, வீட்டில் பொருளை அலமாரியில் வைப்பது போல அல்ல. மூடியை மூடியதும் சார்ஜ் ஏற ஆரம்பிக்கிறது, 100 வரை ஏறுகிறது, சற்றுக் குறைந்தால் கேஸ் மறுபடி நிரப்புகிறது. உங்கள் கேஸ் ஒயர்லெஸ் சார்ஜர் மேல் நாள் முழுக்க இருக்கிறது. ஒயர்லெஸ் சார்ஜிங்கில் மின்சாரத்தின் ஒரு பங்கு வெப்பமாகத்தான் போகும், அந்த வெப்பம் போக வேறு வழியில்லாமல் கேஸுக்குள் ஏறும். கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெதுவெதுப்பில் நூறு சதவீதத்தில் ஊறியது இரண்டு பக்கமும்தான். வலதுக்கு அதோடு உழைப்பும் சேர்ந்தது.

இனி செய்ய வேண்டியது. ஒயர்லெஸ் சார்ஜரிலிருந்து கேஸை எடுத்துவிடுங்கள். கேஸின் சார்ஜ் 20, 30 சதவீதத்துக்கு வரும்போது ஒயரில் ஏற்றுங்கள், பழைய சாதாரண சார்ஜரே போதும், ஏறியதும் எடுத்துவிடுங்கள். உங்கள் இயர்பட்டின் செயலியில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியோ, உங்கள் வழக்கத்தைப் பார்த்துத் தாமதமாக நிரப்பும் வசதியோ இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். பலருக்கு அது இருப்பதே தெரியாது, மெனுவில் மூன்றாவது அடுக்கில் ஒளித்து வைத்திருப்பார்கள். அப்புறம், ஒரு பக்கத்தை மட்டும் போட்டுப் பேசும் பழக்கம் இருந்தால் காலையில் வலது, மதியம் இடது என்று மாற்றுங்கள். இதற்குக் காசு செலவே இல்லை, பலன் மட்டும் நிச்சயம். அணையும் வரை பேசாமல் 20 சதவீதம் காட்டும்போதே மாற்றினால் இன்னும் நல்லது.

இப்போது பஞ்சுக் குச்சிக்கு வருகிறேன். பேட்டரி தேய்ந்தது போலவே தெரியும், ஆனால் தேயவே இல்லாத ஒரு நிலை உண்டு. இதைக் கண்டுபிடிக்காமல் பணம் கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். இயர்பட்டின் அடியில் இரண்டு மூன்று சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். கேஸின் குழிக்குள் அவற்றைத் தொடும் ஸ்பிரிங் ஊசிகள் இருக்கும். காது அழுக்கும் வியர்வையும் இந்த இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படியும். படிந்தால் சார்ஜ் அரைகுறையாக ஏறும், அல்லது விட்டு விட்டு ஏறும். அப்போது வலது பக்கம் சீக்கிரம் அணையும். காரணம், அது நிரம்பவே இல்லை.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். இரவு முழுக்கக் கேஸில் வைத்துவிட்டு, காலையில் எடுக்கும்போது போனில் இரண்டு பக்கத்து சதவீதத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு, 100 அல்லது நீங்கள் வைத்த 80, காட்டி, அதில் ஒன்று மட்டும் சீக்கிரம் அணைந்தால் அது தேய்ந்த செல். ஒரு பக்கம் 60, 65 என்று நின்றால், அல்லது ஒரு நாள் நிரம்பி ஒரு நாள் நிரம்பாமல் இருந்தால், அது அழுக்கு. உலர்ந்த பஞ்சுக் குச்சியால் புள்ளிகளைத் துடையுங்கள். போகவில்லை என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே கேஸில் வையுங்கள். கேஸின் ஊசிகளை அழுத்தி விட்டுப் பாருங்கள், தானாக மேலே எழும்ப வேண்டும். குண்டூசியால் மட்டும் சுரண்டாதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் அங்கே துரு பிடிக்கும், பிறகு பஞ்சுக் குச்சியால் ஒன்றும் ஆகாது. என் பக்கத்து மேசைக்காரர் ஒருவர் தன் இயர்பட்டுக்குச் செல் மாற்ற ஒரு கடையில் முன்பணமே கொடுத்துவிட்டு வந்தார். புள்ளியில் பழுப்பாக ஒரு மெழுகு. துடைத்தோம், அவ்வளவுதான். முன்பணம் திரும்பி வரவில்லை.

கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம். இயர்பட்டில் இருப்பது பெரும்பாலும் காசு வடிவச் செல். 1254 என்று எண் போட்டிருந்தால் விட்டம் சுமார் 12 மில்லி மீட்டர், உயரம் 5.4 என்று பொருள். அளவு பொருந்தினால் போதும் என்று நினைத்து வைத்துவிடுவார்கள், அங்கேதான் பிரச்சினை. சில செல்களுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம். சிலவற்றுக்கு 4.35 வரை ஏற்றலாம். 4.35 வரை ஏற்றும் இயர்பட்டில் 4.2 செல்லை வைத்தால் ஒவ்வொரு சார்ஜும் அளவுக்கு மீறிய சார்ஜ்தான். அது காதுக்குள் வைக்கும் பொருள் என்பதை நினைவில் வையுங்கள். போதாததற்கு, வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்த செல்லை "புதுசு" என்று கொடுப்பார்கள். செல் உபயோகிக்காமலே வயதாகும் என்று மேலே சொன்னேனே, அது அலமாரிக்கும் பொருந்தும். இயர்பட்டின் வெளி ஓட்டைத் திறக்க சூடு காட்டி நெம்புவார்கள், பழையபடி மூடினாலும் வியர்வை உள்ளே போகாமல் காத்த அடைப்பு போய்விடும்.

கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் செல்லின் உச்ச வோல்ட் எவ்வளவு? எப்போது தயாரித்தது? மாற்றிய பிறகு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று என் முன்னால் ஓட்டிக் காட்டுவீர்களா? "ஒரிஜினல் சார், நம்பி வாங்குங்க" என்பது மூன்றுக்கும் பதில் அல்ல. அதைவிட, தயாரித்த நிறுவனத்திடம் வலது பக்கம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று எழுதிக் கேளுங்கள். சிலர் தருகிறார்கள்.

தராதவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். இரண்டு வருடத்தில் தேயும் என்று தெரிந்தே வெளி ஓட்டைப் பசை போட்டு மூடுகிறார்கள். உத்தரவாதத்தில் பேட்டரித் தேய்மானத்தை மட்டும் தனியாக எடுத்துவிடுகிறார்கள். போனில் பேட்டரி ஆரோக்கியம் இத்தனை சதவீதம் என்று காட்ட முடிகிறது, இயர்பட் செயலியில் அந்த ஒரு வரியைப் பல நிறுவனங்களுக்குப் போட மனமில்லை. அந்த இடைவெளியில் புகுந்து, "இயர்பட் பேட்டரியைச் சரிசெய்கிறோம்" என்று செயலிகள் விற்கிறார்கள். இயர்பட் ப்ளூடூத்தில் அனுப்பும் சதவீதத்தை வாங்கிப் பச்சை நிறத்தில் காட்டுவதைத் தவிர அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. தேய்ந்த செல்லை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது.

உங்களிடம் இருக்கும் அளவுகோல் கடிகாரம்தான். மாதம் ஒரு தடவை முழுசாக ஏற்றி, சத்தம் பாதியில் வைத்து, இரைச்சல் தடுப்பை அணைத்துவிட்டு, பாட்டை ஓட விட்டு, ஒவ்வொரு பக்கமும் எப்போது அணைகிறது என்று குறித்து வையுங்கள். பழக்கத்தை மாற்றிய பிறகு இரண்டு மூன்று மாதம் அந்த நேரம் பெரிதாகக் குறையாமல் நின்றால் பலன் கிடைத்துவிட்டது. போன நேரம் திரும்பி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ஊருக்குப் போகும்போது, சில வாரம் உபயோகிக்கப் போவதில்லை என்றால், கேஸில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்படி பார்த்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கேஸ் காலியாகக் கிடந்தால் உள்ளே இருக்கும் இயர்பட்டும் மெல்ல வடிந்து, ஒரு கட்டத்துக்குக் கீழே போய், சார்ஜே ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். திரும்பி வந்து பார்க்கும்போது ஓட்டின் இணைப்பு விரிந்திருந்தாலோ, குழியில் சரியாக உட்காராமல் துருத்தி நின்றாலோ, உள்ளே செல் வீங்கியிருக்கிறது. அதை மறுபடி சார்ஜில் போடாதீர்கள், காதிலும் வைக்காதீர்கள். குப்பைத் தொட்டியில் எறியாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.