ஐந்து மாதக் குழந்தைக்கு எடை ஏறுவது குறைந்தால் இணை உணவைத் தொடங்கலாமா?

கேள்வி: என் பெண் குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. நிறைமாதத்தில் 2.9 கிலோ எடையுடன் பிறந்தாள். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். மூன்றாம் மாதம் 5.3, நான்காம் மாதம் 5.9, இப்போது 6.1 கிலோ. முன்பு மாதம் 600 கிராம் ஏறியவள் இப்போது 200 கிராம்தான் ஏறியிருக்கிறாள். நான்காம் மாத எடை தடுப்பூசி போடச் சென்ற இடத்தில் உடையோடு எடுத்தது. மற்றவை வேறு தராசில் உடையில்லாமல் எடுத்தவை. கையைச் சப்புகிறாள், இரவில் அடிக்கடி விழிக்கிறாள். பால் போதவில்லை, கூழ் கொடு என்கிறார்கள் வீட்டில். கொடுக்கலாமா?

மருத்துவர் பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். முதலில் அந்த 200 கிராம் என்ற கணக்கைச் சரிபார்க்க வேண்டும். அதில் நீங்களே எழுதியுள்ள ஒரு பிழை இருக்கிறது: உடையோடு எடுத்த எடையையும் உடையில்லாமல் எடுத்த எடையையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்திருக்கிறீர்கள். அன்று குழந்தை அணிந்திருந்த அதே வகை உடையையும், நனைந்த டயப்பர் ஒன்றையும் தராசில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து 200 கிராமைத் தொட்டால் வியப்பில்லை. அப்படியானால் நான்காம் மாத உண்மை எடை 5.7 கிலோ அளவில்தான் இருந்திருக்கும், இந்த மாத ஏற்றமும் 400 கிராம் ஆகிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அடிப்படையாகக் கொண்டது. அதில் பெண் குழந்தைகளுக்கான நடுக்கோட்டுக்குக் கீழே −1 எனக் குறிக்கப்படும் கோடு மூன்றாம் மாதம் 5.2, நான்காம் மாதம் 5.7, ஐந்தாம் மாதம் 6.1 கிலோ என்று செல்கிறது. திருத்திய கணக்கின்படி உங்கள் குழந்தை அந்தக் கோட்டை ஒட்டியே வளர்ந்து வருகிறாள். பிறந்த எடையும் அந்தக் கோட்டை ஒட்டியதுதான். எல்லாக் குழந்தைகளும் நடுக்கோட்டில் இருக்க வேண்டியதில்லை. தன் கோட்டை விட்டு விலகாமல் செல்கிறதா என்பதுதான் கேள்வி. மூன்று மாதத்துக்குப் பிறகு மாதாந்தர ஏற்றம் குறைவது அந்தக் கோட்டிலேயே பதிந்திருக்கும் இயல்பு என்பதால், முதல் மாதங்களின் வேகத்தை இப்போது எதிர்பார்க்கக் கூடாது.

ஆனாலும் ஊகத்தோடு நிறுத்திவிட முடியாது. இன்றே ஒரு முறை, சரியாகப் பதினான்கு நாள் கழித்து ஒரு முறை, பத்து கிராம் வரை காட்டும் ஒரே தராசில், உடையும் டயப்பரும் இல்லாமல், பால் கொடுப்பதற்கு முன் எடை பாருங்கள். வயிறு நிறையப் பால் குடித்த பிறகு எடுத்தால் அந்தப் பாலின் எடையும் சேர்ந்து ஏமாற்றும். தேதி, தராசு, எந்த நிலையில் எடுத்தது என்பதை எடைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு வாரத்தில் 180 முதல் 200 கிராம் வரை ஏறியிருந்தால் குழந்தை தன் கோட்டில் இருக்கிறாள். ஏறவே இல்லை என்றாலோ, எடை −2 கோட்டை நோக்கிச் சரிந்தாலோ, ஒரு நாளில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ உடனே நேரில் காட்ட வேண்டும். அப்போதும் முதலில் பார்ப்பது மார்பைப் பற்றும் விதம், பால் கொடுக்கும் எண்ணிக்கை, சிறுநீர்த் தொற்று போன்ற நோய் ஆகியவற்றைத்தான். நீர்த்த கூழ் வயிற்றை நிரப்பி, அதைவிடச் சத்தான பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் எடை மேலும் குறையக்கூடும்.

கை சப்புவதும் இரவில் விழிப்பதும் இந்த வயதில் உணவு கேட்பதற்கான அடையாளங்கள் அல்ல. அடையாளங்கள் வேறு: தாங்கி உட்கார வைத்தால் தலை ஆடாமல் நிற்க வேண்டும், பொருளைப் பார்த்து, கையால் எடுத்து, குறி தவறாமல் வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், கரண்டி உதட்டில் பட்டதும் நாக்கால் வெளியே தள்ளாதிருக்க வேண்டும். இவற்றை ஐந்தரை மாதத்திலிருந்து குறித்து வாருங்கள். ‘தயார்’ என்று ஒரே சொல்லில் எழுதினால் அது மருத்துவருக்கு உதவாது. ‘மடியில் உட்கார வைத்தபோது ஐந்து நிமிடம் தலை நின்றது, வெறும் கரண்டியை மூன்று முறை நாக்கால் தள்ளினாள்’ என்று தேதியோடு கண்டதை மட்டும் எழுதுங்கள். ஒரு நாள் தெரிந்து மறுநாள் மறையும் திறனை நம்பாமல், பல நாள் தொடர்ந்து தெரிகிறதா என்று பாருங்கள்.

180 நாள் நிறையும்போது இந்த அடையாளங்களும் பெரும்பாலும் கூடிவிடும். அப்போது தாய்ப்பாலை நிறுத்தாமல், நன்கு மசித்த கெட்டியான உணவை இரண்டு மூன்று சிறு கரண்டி அளவில் தொடங்குங்கள். எடை நன்றாக ஏறுகிறது என்பதற்காக அதற்குமேல் தள்ளிப்போடவும் கூடாது. பிறக்கும்போது உடலில் இருந்த இரும்புச்சத்தின் சேமிப்பு அந்த வயதில் தீர்ந்து வரும், பாலிலிருந்து கிடைப்பது போதாது. 180 நாளிலும் தலை நிற்கவில்லை என்றால் உணவைத் தொடங்கும் முன் குழந்தையை நேரில் பரிசோதிக்க வேண்டும்; அன்று உங்கள் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.