நெல் மூட்டைக் கணக்கில் சதவீதத்தை இடம் மாற்றிப் போடுவது

கேள்வி: 50-இல் 8 சதவீதம் என்றாலும் 8-இல் 50 சதவீதம் என்றாலும் ஒரே விடைதான் என்கிறார்களே, அது எப்படி? எல்லாச் சதவீதக் கணக்கிலும் இப்படி மாற்றிப் போடலாமா?

இரண்டுக்கும் விடை 4. காரணத்தை எங்கள் பக்கத்து நில அளவையைக் கொண்டே காட்டிவிடலாம். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்தில் பெரியவர்கள் இன்றும் நிலத்தை மா, குழி என்றுதான் பேசுகிறார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆகவே மாவுக்கு ஒரு குழி என்று சொன்னாலே அது நூற்றுக்கு ஒன்று, அதாவது 1 சதவீதம்.

ஒருவருக்கு 50 மா நிலம் இருக்கிறது. மாவுக்கு 8 குழி வீதம் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 400 குழி போகும். அது 4 மா. அவருடைய பக்கத்து வயல்காரருக்கு 8 மாதான் இருக்கிறது. ஆனால் ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாமல் மாவுக்கு 50 குழி, அதாவது சரிபாதி, அழுகிவிட்டது. அவருக்குப் போனதும் 400 குழிதான், அதே 4 மா. ஐம்பது எட்டும் நானூறு, எட்டு ஐம்பதும் நானூறு. சதவீதம் காண்பது என்பது இரண்டு எண்களைப் பெருக்கி நூறால் வகுப்பது மட்டுமே என்பதால், எந்த எண்ணுக்குப் பின்னால் சதவீதம் என்று சொல்கிறோம் என்பது விடையைத் தொடுவதில்லை.

விடை எப்போதும் மாறாது என்றாலும், மாற்றிப் போடுவதால் எப்போதும் வேலை குறையும் என்று சொல்ல முடியாது. தொகை 25, 50, 75 போல, கால், அரை, முக்கால் என்று வாயால் சொல்லிவிடக்கூடியதாக இருந்தால்தான் இதில் லாபம். 75-இல் 16 சதவீதம் எவ்வளவு என்று கேட்டால் தாளைத் தேடுகிறவர்கூட, 16-இல் முக்கால் எவ்வளவு என்றால் உடனே 12 என்பார். 2500-இல் 28 சதவீதம் வேண்டுமென்றால் இரண்டு சுழிகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, 28-இல் கால் பங்கு 7 என்று கண்டு, எடுத்த சுழிகளைத் திரும்பச் சேர்த்தால் 700. ஆனால் 43-இல் 17 சதவீதத்தை 17-இல் 43 சதவீதம் என்று மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை; பாரம் வலத்தோளிலிருந்து இடத்தோளுக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

நான் இதை மிகுதியாகப் பயன்படுத்துவது நெல்லின் ஈரப்பதக் கணக்கில். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஒரு மூட்டை 40 கிலோ. ஈரப்பதம் 17 சதவீதம் வரை ஏற்பது பொதுவான விதி, மழை மிகுந்த சில ஆண்டுகளில் அதைத் தளர்த்தியதும் உண்டு. மூட்டையின் எடை எப்போதும் 40 என்பதால் அந்த 40-ஐயே சதவீதமாக வைத்துக்கொள்வேன். கருவி 17 என்று காட்டினால் 17-இல் 40 சதவீதம். பத்தில் ஒரு பங்கு 1.7, அதை நான்கால் பெருக்கினால் மூட்டைக்குள் இருக்கும் தண்ணீர் 6.8 கிலோ. 22 என்று காட்டினால் 2.2-இன் நான்கு மடங்கு, 8.8 கிலோ. கருவியில் எந்த எண் வந்தாலும் ஒரு புள்ளி வைத்து நான்கால் பெருக்கினால் போதும் என்பதால், வரிசையில் நிற்கும்போதே ஒவ்வொரு குவியலுக்கும் கணக்குச் சொல்லிவிட முடிகிறது.

இந்த வேகம் என்னை ஒருமுறை நன்றாகவே கவிழ்த்தது. ஒரு குறுவை அறுவடையில் 22 சதவீத ஈரத்தோடு சரியாக 100 மூட்டை நெல் எங்கள் களத்தில் இருந்தது. 17-க்குக் கொண்டுவரும்படி நிலையத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். 8.8-இலிருந்து 6.8 போனால் மூட்டைக்கு 2 கிலோ, நூறு மூட்டைக்கு 200 கிலோ, ஆகவே காய்ந்த பிறகு 95 மூட்டை தேறும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் வெயிலில் கிளறிக் காயவைத்துக் கட்டியபோது 94 மூட்டைதான் வந்தது. அதிலும் கடைசி மூட்டை 40 கிலோவைத் தொடவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான், இரவுக் காவலுக்குப் படுத்திருந்தவரைப் பார்த்தேன். அவரிடம் வாய்விட்டு எதுவும் கேட்காமல் இருந்தது என் நல்ல காலம்.

தவறு மாற்றிப் போட்டதில் இல்லை, 8.8, 6.8 இரண்டுமே சரியான எண்கள். ஆனால் 22 சதவீதம் என்பது ஈர நெல்லின் 40 கிலோவில். 17 சதவீதம் என்பது காய்ந்த பின் மிஞ்சும் எடையில். தண்ணீர் போகப் போக மூட்டையின் எடையே குறைவதால் அது 40 கிலோவாக நிற்பதில்லை, அதனால் 6.8 என்ற எண்ணை அங்கே கொண்டுபோய்க் கழிக்கக் கூடாது. மாறாமல் நிற்பது தண்ணீர் நீங்கிய நெல்லின் எடைதான். அது 40-இல் 78 சதவீதம். மாற்றிப் போட்டால் 7.8-இன் நான்கு மடங்கு, 31.2 கிலோ. காய்ந்த மூட்டையில் இந்த 31.2 கிலோ 83 சதவீதமாக இருக்க வேண்டும் என்பதால் 31.2-ஐ 0.83-ஆல் வகுக்க வேண்டும், ஏறத்தாழ 37.59 கிலோ வருகிறது. குறைவது 2 கிலோ இல்லை, 2.41 கிலோ. நூறு மூட்டைக்கு 241 கிலோ போக 3,759 கிலோ மிஞ்சும். அது 93 முழு மூட்டையும் 39 கிலோவும். களத்தில் சிந்தியதையும் தூசியாகப் பறந்ததையும் நான் இதில் சேர்க்கவில்லை.

இந்தக் கடைசி வகுத்தலில் எண்களை மாற்றிப் போட முயன்றால் விடை கெட்டுவிடும். பெருக்கலில்தான் இடம் மாற்றலாம், வகுத்தலில் முடியாது. 8 என்பது 50-இல் எத்தனை சதவீதம் என்று கேட்டால் 16. 50 என்பது 8-இல் எத்தனை சதவீதம் என்று கேட்டால் 625. கூட்டிச் சொல்லும் கணக்கும் அப்படித்தான்: 50 ரூபாயோடு 8 சதவீதம் சேர்த்தால் 54, 8 ரூபாயோடு 50 சதவீதம் சேர்த்தால் 12. சேர்க்கும் தொகை இரண்டிலும் அதே 4 ரூபாய்தான், சேரும் இடம் வேறு. ஆகவே கடையில் வரியோ தள்ளுபடியோ போடும்போது அந்த 4-ஐ மட்டும் மாற்றிப் போட்டுக் கண்டுபிடித்துக்கொண்டு, கூட்டுவதையும் கழிப்பதையும் பழைய தொகையிலேயே செய்யுங்கள்.