பழைய ஜிமெயிலோடு போன புத்தகங்களும் பாட்டுகளும்

கேள்வி: 2016இலிருந்து ஒரே ஜிமெயில்தான் வைத்திருந்தேன். பிளே ஸ்டோரில் காசு கொடுத்து ஆறேழு ஆப், முப்பது புத்தகங்கள், கொஞ்சம் பாட்டுகள் எல்லாம் அதில்தான் வாங்கினேன். போன் கீழே விழுந்து டச் போய்விட்டது. அந்த எண்ணுக்கும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் எண்ணே போய்விட்டது. பாஸ்வேர்டும் நினைவில்லை. இப்போது புது போன், புது எண், புது ஜிமெயில். பணம் கட்டிய ரசீதைக் காட்டினால் வாங்கியதையெல்லாம் புதுக் கணக்குக்கு மாற்றித் தருவார்களா? (வாசகர், காரைக்குடி)

பதில்: மாற்றித் தர மாட்டார்கள். ஒரு கணக்கில் வாங்கியதை இன்னொரு கணக்குக்கு மாற்றும் வழியே கூகுள் பிளேயில் கிடையாது. நீங்கள் வாங்கியது உங்கள் பெயரில் பதிவாகவில்லை, அந்த ஜிமெயில் முகவரியில்தான் பதிவாகியிருக்கிறது. அதனால் ரசீதோடு அலைவதில் நேரத்தைச் செலவிடாமல் பழைய கணக்கைத் திறக்க முயலுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த ஒரு வரி, டச் போய்விட்டது என்பது. போன் செத்துவிட்டது என்று நீங்கள் எழுதவில்லை.

அந்த போன்தான் இப்போது உங்களிடம் இருக்கும் சாவி. அதில் கணக்கு இன்னும் லாகின் ஆகித்தான் இருக்கும். சிம் வேண்டியதில்லை, வீட்டு வைஃபை போதும். திரையில் படம் தெரிந்து தொடுவது மட்டும் வேலை செய்யவில்லை என்றால், போனின் சார்ஜ் துளையில் மாட்டும் சின்ன ஓடிஜி இணைப்பான் ஒன்றை வாங்கி, சாதாரண கணினி மவுஸைச் செருகிப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் திரையில் அம்புக்குறி வந்துவிடும், பின் நம்பரைக்கூட அதிலேயே அழுத்தலாம். திரையே கறுப்பாக இருந்தால் டிஸ்ப்ளே மாற்றித்தான் ஆக வேண்டும்.

கடைக்குக் கொடுத்தால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: ரீசெட் செய்யக் கூடாது, ஃபார்மட் போடக் கூடாது. டிஸ்ப்ளே மாற்ற அது தேவையே இல்லை. ஆனாலும் லாக் தெரியாவிட்டால் அழித்துவிடும் பழக்கம் பல கடைகளில் உண்டு. அழித்தால் உள்ளே இருந்த லாகின் போய்விடும். அதோடு நிற்காது. அப்படி அழிக்கப்பட்ட போன் மறுபடி எழும்போது, முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டையோ பழைய திரைப்பூட்டையோ கேட்கும். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. கணக்கும் போய் போனும் போன நிலை வந்துவிடும்.

என் சித்தப்பாவுக்குப் போன வருடம் ஏறக்குறைய இதேதான் நடந்தது. வெளியூரில் இருந்தபடி, புது போனில், தோன்றிய பாஸ்வேர்டையெல்லாம் போட்டுப் பார்த்தார். முயற்சிகள் அதிகமாகிவிட்டன, பிறகு முயலுங்கள் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகும் விடவில்லை. ஊருக்கு வந்ததும் மூன்று நாள் எதையும் தொடாமல் இருக்கச் சொன்னேன். முதலில் பார்த்த கடையில் ஃபார்மட் போட்டால்தான் ஆகும் என்றார்கள், போனைத் திருப்பி வாங்கி வந்தோம். மவுஸ் செருகிப் பின் நம்பர் போட்டு, வைஃபையில் இணைத்து அந்த போனை மேசையில் வைத்துக்கொண்டோம். பக்கத்திலேயே அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் வீட்டுக் கணினியில், அதே பிரவுசரில் இந்த முகவரியைத் திறந்தோம்:

```
g.co/recover
```

மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்ததும் நினைவிருக்கும் கடைசிப் பாஸ்வேர்டைக் கேட்டது. இரண்டு வருடத்துக்கு முந்தையது மட்டுமே அவருக்கு நினைவிருந்தது, அதைப் போட்டார். அப்புறம் பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பவா என்று கேட்டது. அந்த எண்தான் இல்லையே. கீழே இருந்த Try another way என்பதை அழுத்தினோம். பழைய போனின் திரையில் நீங்கள்தானா என்று கேட்டு ஓர் அறிவிப்பு வந்தது. மவுஸால் ஆம் என்று அழுத்தினார். புதுப் பாஸ்வேர்டு வைக்கும் பக்கம் திறந்துவிட்டது.

எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நடந்ததன் காரணத்தைப் புரிந்துகொண்டால் உங்களுக்கும் உதவும். அந்தப் பக்கத்தில் உங்கள் விடைகளைப் போலவே நீங்கள் எங்கிருந்து, எந்தக் கருவியில் கேட்கிறீர்கள் என்பதும் கணக்கில் எடுக்கப்படுகிறது. வழக்கமான வீடு, வழக்கமான வைஃபை, முன்பு லாகின் செய்த கணினி என்றால் எடை கூடும். புது போனில், புது சிம்மின் டேட்டாவில், வேறு ஊரிலிருந்து கேட்டால் திருடன் கேட்பது போலத்தான் தெரியும். கேள்விகளைத் தாண்டிப் போகாதீர்கள். சரியாகத் தெரியாவிட்டாலும் ஊகித்து நெருக்கமான விடையைக் கொடுங்கள். பதிலை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டால் புது ஜிமெயிலைக் கொடுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதியும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தால் பதில் வர மூன்றிலிருந்து ஐந்து வேலை நாள்கூட ஆகலாம். அந்த நாள்களில் மறுபடி மறுபடி முயலாமல் இருங்கள்.

இதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரு கணினியில் குரோம் பிரவுசரில் அந்த ஜிமெயிலைத் திறந்ததுண்டா? உண்டென்றால் பாஸ்வேர்டு அங்கேயே சேமிக்கப்பட்டிருக்கலாம். முகவரிப் பட்டையில் இதை அடித்து, உள்ளே google.com என்று தேடுங்கள்:

```
chrome://password-manager/passwords
```

பழைய எண்ணைப் பற்றி. நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் வரை வேறு யாருக்கும் ஒதுக்கக் கூடாது என்பது இங்குள்ள விதி. நீங்கள் எழுதியதில் எண் போய் எவ்வளவு நாள் என்று இல்லை. அந்தக் கெடுவுக்குள் இருந்தால், சிம் வாங்கியபோது கொடுத்த அதே அடையாள அட்டையோடு நிறுவனத்தின் சொந்த ஷோரூமுக்குப் போய்க் கேளுங்கள். கிடைத்தால் குறியீடு நேரே உங்களுக்கே வந்துவிடும், மேலே சொன்ன பாடு எதுவும் வேண்டாம். எண் இன்னொருவர் கைக்குப் போயிருந்தால் அதோடு இணைத்திருந்த வங்கிக் கணக்கு, யுபிஐ எல்லாவற்றிலும் எண்ணை இன்றைக்கே மாற்றுங்கள். இது புத்தகத்தைவிட அவசரம்.

கணக்கை மீட்டுத் தருகிறோம், இரண்டாயிரம் கொடுங்கள் என்று விளம்பரம் செய்பவர்கள் உங்கள் கண்ணில் படுவார்கள். கூகுளுக்கு அப்படி வெளி ஆட்கள் யாரும் கிடையாது. அவர்களிடம் இருக்கும் கதவும் மேலே கொடுத்த அதே பக்கம்தான். வித்தியாசம் என்னவென்றால் உங்களுக்கு வரும் குறியீட்டை அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

சரி, கணக்கு திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புது ஜிமெயிலை விட வேண்டியதில்லை. புது போனில் இரண்டு கணக்கையும் சேர்த்துவிடுங்கள். பிளே ஸ்டோரில் மேலே வலப்பக்கம் இருக்கும் படத்தைத் தொட்டுப் பழைய கணக்குக்கு மாறி, காசு கொடுத்து வாங்கிய ஆப்களை அங்கிருந்து இறக்குங்கள். ஒரு சிக்கல் இங்கே பலருக்கு வருகிறது. ஆப் இலவசம், உள்ளே போய் விளம்பரத்தை நீக்கவோ முழுப் பதிப்புக்கோ பணம் கட்டியிருப்பீர்கள். அந்த ஆப்பைப் புதுக் கணக்கில் இருந்து ஏற்கெனவே இறக்கியிருந்தால் உள்ளே கட்டிய பணம் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆப்பை நீக்கிவிட்டு, பழைய கணக்கில் இருந்தபடி மறுபடி இறக்கி, ஆப்பின் அமைப்பில் Restore purchases என்று இருப்பதை அழுத்துங்கள். அதிலும் வராவிட்டால் பழைய மின்னஞ்சலில் GPA என்று தொடங்கும் ஆர்டர் எண்ணைத் தேடி எடுத்து, ஆப்பை உருவாக்கியவருக்கு அனுப்புங்கள். ரசீது உண்மையில் வேலை செய்யும் இடம் இது.

புத்தகங்களுக்குப் பழைய கணக்கில் play.google.com/books என்ற பக்கத்தைத் திறந்தால் போதும், முப்பதும் இருக்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் உள்ள மூன்று புள்ளியில் Export என்று இருந்தால் இறக்கிச் சேமித்துவிடுங்கள். பதிப்பகம் பூட்டு வைக்காத புத்தகம் சாதாரண இபப் அல்லது பிடிஎஃப் கோப்பாகவே வரும். அது இனி எந்தக் கணக்கையும் நம்பி இல்லை.

பாட்டுகளைப் பற்றி எழுதத்தான் வருத்தமாக இருக்கிறது. நீங்கள் பாட்டு வாங்கிய கூகுள் பிளே மியூசிக் கடை 2020இல் மூடப்பட்டது. யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ளச் சில மாத அவகாசம் கொடுத்தார்கள், 2021 பிப்ரவரிக்குப் பிறகு மீதியை அழித்துவிட்டார்கள். அப்போது மாற்றியிருந்தால் பழைய கணக்கில் யூடியூப் மியூசிக்கைத் திறந்து, நூலகத்தில் பதிவேற்றிய பாட்டுகள் என்ற பகுதியில் பாருங்கள். மாற்றவில்லை என்றால் கணக்கு திறந்தாலும் பாட்டு இல்லை. ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி. அந்தக் கடையில் வாங்கியவை பூட்டில்லாத எம்பி3 கோப்புகள். எப்போதாவது கணினியில் இறக்கியிருந்தால் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இன்னும் இருக்கும், எதில் போட்டாலும் பாடும்.

எவ்வளவு முயன்றும் கணக்கு திறக்கவில்லை என்றாலும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அதில் ஏதாவது மாதச் சந்தா ஓடிக்கொண்டிருந்தால் பணம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதியில் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள், அதற்கு ஜிமெயில் தேவையில்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுப்பதும் இப்படித் தவறாகப் பிடித்த பணத்துக்குத்தான் உதவும். கணக்கு உங்களுடையதுதான் என்று அவர்களால் யாருக்கும் சொல்லி நிரூபிக்க முடியாது.

திறந்துவிட்டால் முதல் வேலையாக மீட்பு எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் மாற்றுங்கள். மாற்றிய பிறகும் ஏழு நாள் வரை பழைய எண்ணுக்கே குறியீடு அனுப்ப கூகுள் முன்வரலாம். அதனால் அந்த வாரம் முழுக்க உடைந்த போனை அழிக்காமல், சார்ஜ் இறங்காமல் வைத்திருங்கள். அந்த வாரத்திலேயே பாதுகாப்புப் பகுதியில் Backup codes என்பதில் கிடைக்கும் பத்துக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்துவிடுங்கள். இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டால்தான் அவை கிடைக்கும்.