சரிசெய்தும் திரும்ப ஒழுகும் அலுவலக ஏசி: கட்டட உரிமையாளருக்கு எழுதும் புகார்

கேள்வி: வாடகை அலுவலகத்தில் ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. சொல்லும்போதெல்லாம் உரிமையாளர் ஆள் அனுப்புகிறார், சில வாரங்களில் மறுபடியும் அதே கதை. கடிதமாக எப்படி எழுதுவது?

பதில்:

ஏசி ஒழுகுகிறது என்பதை உங்கள் உரிமையாளர் மறுக்கப்போவதில்லை. "நான்தான் ஒவ்வொரு முறையும் ஆள் அனுப்பினேனே" என்பதே அவருடைய பதிலாக இருக்கும். ஆகவே, வந்தவர்கள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள், அதன் பிறகும் அதே இடத்தில் அதே கோளாறு திரும்பியது என்பது கடிதத்தைப் படித்த உடனே விளங்க வேண்டும். எங்கள் கோப்பு அறையில் இதே தொல்லை வந்தபோது நாங்கள் எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இது:

"மார்ச் 4 அன்று கோப்பு அறை ஏசியின் இடது மூலையிலிருந்து நீர் ஒழுகியது. அன்று காலை 10.20 மணிக்குப் படத்துடன் தங்களுக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தோம். மார்ச் 6 அன்று வந்த மெக்கானிக் வடிகால் குழாயில் காற்றடித்து அடைப்பை எடுத்தார். 'சரியாகிவிட்டது' என்று அன்று மாலை தாங்கள் பதில் அனுப்பினீர்கள். மார்ச் 25 அன்று அதே மூலையில் மீண்டும் ஒழுகியது. அன்றே மின்னஞ்சல் அனுப்பினோம். மார்ச் 28 அன்று மறுபடியும் காற்றடிக்கப்பட்டது. ஏப்ரல் 16 அன்று மூன்றாம் முறையாக ஒழுகி, கீழ்த்தட்டிலிருந்த கோப்புகள் நனைந்தன."

இதில் கோபமான சொல் ஒன்றுகூட இல்லை; தேவையும் இல்லை. எப்போது ஒழுகியது, எந்த வழியில் சொன்னோம், வந்தவர் என்ன செய்தார், எப்போது திரும்பியது என்ற நான்கும் ஒவ்வொரு முறைக்கும் இருந்தால், படிப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். அனுப்பிய செய்திகளைத் தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுத்து இணையுங்கள். தொலைபேசியில் மட்டும் சொல்லியிருந்தால், "இன்று காலை பேசியபடி…" என்று தொடங்கி அன்றைக்கே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவது நல்லது, ஏனென்றால் வாய்ப்பேச்சை மட்டும் வைத்து எதையும் காட்ட முடியாது.

அடுத்து, கோளாறு ஏன் திரும்புகிறது என்பதற்குக் கண்ணால் பார்த்த ஒரு தடயம் வேண்டும். பொய்க்கூரையின் ஓர் அட்டையை விலக்கிப் பார்த்தபோது, எங்கள் வடிகால் குழாய் நடுவில் தொய்ந்து ஊஞ்சல்போல் தொங்கியது. ஒரு மீட்டர் நீளத்துக்குக் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் சரிவாவது இல்லையென்றால் நீர் குழாயிலேயே தேங்கி வழுவழுப்பான பாசி படியும். காற்றடித்தால் பாசி போகும், தொய்வு போகாது. எனவே சில வாரங்களில் மீண்டும் அடைக்கும். குழாயின் வெளிப்பக்கம் நெடுக முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அது வேறு கோளாறு. குழாயைச் சுற்றிய உறை கிழிந்து வியர்க்கிறது என்று பொருள். எதைப் பார்த்தீர்களோ அதை மட்டும் எழுதி, காரணத்தை உறுதிசெய்யும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

"நீங்கள் ஃபில்டரைக் கழுவுவதில்லை" என்ற பதிலும் வரக்கூடும். அது வெற்றுச் சாக்கும் அன்று. ஃபில்டர் அடைத்தால் காயிலில் பனி படிந்து, உருகும்போது நீர் சொட்டும். ஒப்பந்தத்தின்படி வழக்கமான சர்வீஸ் உங்கள் பொறுப்பாக இருந்தால், கடைசி சர்வீஸ் ரசீதைக் கடிதத்துடனேயே வைத்துவிடுங்கள்.

கோரிக்கைப் பகுதியில்தான் பலர் "விரைவில் சரிசெய்து தரவும்" என்று எழுதிக் கடிதத்தை வீணாக்குகிறார்கள். நாங்கள் ஏப்ரல் 20 தேதியிட்டு இப்படி எழுதினோம்:

"ஏப்ரல் 24-க்குள் குழாய்ப் பாதை முழுவதையும் பார்வையிட்டு, மே 4-க்குள் தொய்வை நீக்கிச் சரிவுடன் மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வார நாட்களில் மாலை 5 மணிக்கு மேல் வேலை செய்ய அறையைத் திறந்து தருவோம். வேலை முடிந்ததும் ஏசியின் நீர்த்தட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றி, அது தடையின்றி வெளியேறுவதை எங்கள் ஊழியர் முன் காட்டிய பிறகே வேலை நிறைவுற்றதாகக் கொள்வோம். அடைப்பை மட்டும் எடுப்பதை நிரந்தரப் பழுதுநீக்கமாக ஏற்க இயலாது."

பார்வையிட ஒரு தேதி, முடிக்க ஒரு தேதி என்று இரண்டு கொடுத்தால், முதல் தேதியிலேயே அவருடைய போக்கு தெரிந்துவிடும். அறையைத் திறந்து தரும் நேரத்தை எழுதிவிட்டால், "உள்ளே விடவில்லை" என்று பின்னால் சொல்ல வழியிருக்காது. ஒப்பந்தத்தில் இந்தப் பராமரிப்பை உரிமையாளர்மீது வைக்கும் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு, அங்கே அறிவிப்புக்கென்று சொல்லப்பட்ட முகவரிக்கும் முறைக்கும் ஏற்பவே அனுப்புங்கள். வாட்ஸ்அப் நகல் கூடுதலாக மட்டும் இருக்கட்டும். வாடகையை நிறுத்துவேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒப்பந்தமோ சட்டமோ அதற்கு இடம் தருகிறதா என்று வழக்கறிஞரிடம் கேட்காமல் நிறுத்தினால், புகார் கொடுத்த நீங்களே பாக்கிதாரராகிவிடுவீர்கள். நனைந்த கோப்புகளின் படங்களை இணைத்து, இழப்பீடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மே 4 கடந்தும் வேலை நடக்காவிட்டால், மறுநாளே இந்தக் கடிதத்தின் தேதியை மட்டும் சுட்டி நான்கு வரியில் அடுத்த கடிதத்தை அனுப்புங்கள். பழைய வரலாற்றை மீண்டும் எழுத வேண்டியதில்லை.